வாத்தியாரின் தேக்கு பீரோ

நனைந்த மரத்தைப் பார்த்தால் தச்சர் ரத்தினவேலுக்குக் கோபம் வராது. அதைக் காயவைத்த மனிதரைப் பார்த்தால்தான் வரும்.

ஸ்ரீரங்கத்தில் ரிட்டயர்டு வாத்தியார் வரது வீட்டில் குழாய் உடைந்து தேக்கு பீரோ நனைந்துவிட்டது. வாத்தியார் அதன் கதவுகளைக் கழற்றி மாடி வெயிலில் போட்டிருந்தார். ஒரு கதவு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

“வெயில்ல போட்டா மேல்பக்கம் மட்டும் சீக்கிரம் காஞ்சு வளைஞ்சிடும் சார். நிழல்ல, ரெண்டு பக்கமும் காத்துப் படணும்” என்று எரிந்து விழுந்தார் ரத்தினவேல். கதவுகளைக் கட்டைகள்மேல் படுக்கவைத்துப் பாரம் ஏற்றினார்.

“இன்னிக்கே வார்னிஷ் அடிச்சு மூடிடலாமே?”

“ஈரம் உள்ளேயே மாட்டிக்கும் சார். மூணு வாரம் திறந்தே கிடக்கட்டும்.”

வாத்தியாருக்கு ஏன் இத்தனை அவசரம்? பூஞ்சையைத் துடைக்க மேல்தட்டு அகராதிகளை நகர்த்தியபோது தெரிந்தது. பின்னால் ஒரு மைசூர்பாகு டப்பா. சர்க்கரைக்கு மாத்திரை போடும் வாத்தியார், மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ரத்தினவேல் அகராதிகளைப் பழையபடி வைத்தார்.

மூன்று வாரத்தில் கதவு நேரானது. இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து மாட்டி, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தினார்.

“தினமும் ஒரு மணி நேரம் திறந்து வைங்க சார்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா கோயிலுக்குப் போற நேரமா பாத்து.”

காபியோடு வந்த வாத்தியாரின் மனைவி ரங்கம்மா டம்ளரை நீட்டினார்.

“பீரோவுல இப்போ பூஞ்சையே இல்லைங்க. டப்பாவுலதான் இருந்தது. போன வாரமே தூக்கிப் போட்டுட்டேன்.”