வஞ்சிரம் கிலோ ஆயிரம், கேட்டுக்கு வாங்க

நொச்சிக்குப்பத்துக் கஸ்தூரி, மந்தைவெளியில் ஓர் அடுக்ககத்தில் இருபது வருடமாக வீடு வீடாக மீன் விற்கிறவள். நாற்றமடிக்கிறதென்று நேற்று அவளை லிப்டில் ஏறக்கூடாது என்றார் செகரெட்டரி தனசேகர். அவரும் அவளிடம் வாங்குகிறவர்தான்.

இன்று காலை, வாடிக்கைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாள்:

“வஞ்சிரம் வந்துகீதுக்கா. இப்பதான் போட்லேர்ந்து எறங்குச்சு, ஐஸ் வெக்கல. கிலோ ஆயிரம், வெட்டிக் குடுத்துருவேன். எட்டு மணிக்கு கேட்டாண்ட இருப்பேன். எனக்கு லிப்டு கெடையாதாம், வேணும்னா எறங்கி வாங்க. செகரெட்டரி சார், உங்களுக்குந்தான்.”

எட்டு மணிக்கு கேட்டில் கூட்டம். தனசேகரும் பாத்திரத்தோடு வந்தார். மீனை வாங்கிக்கொண்டு லிப்டுப் பக்கம் திரும்பியவரைக் கஸ்தூரி உரக்கக் கூப்பிட்டாள்.

“சார், மீன் நாறும். படியில ஏறிப் போங்க.”