இருபத்திரண்டு அரை மாசச் சம்பளம்

கணக்கு எழுதுகிறவளுக்கு வாய் இருக்கக்கூடாது என்பார்கள். எனக்கு இருக்கிறது. அதனாலேயே கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை வேலையை விட்டேன். குடவாசல் பக்கத்து ரைஸ் மில்லில் சித்திரையில் வந்து சேர்ந்தபோது, இங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றுதான் நினைத்தேன். ஆனி மாதம் வரைக்கும் இருந்தேன்.

மில் முதலாளி அதிராம்பட்டினத்துக்காரர். ஐந்து வேளை தொழுகை, யாரிடமும் ஒரு பைசா பாக்கி வைக்காத கை. நெல் கொண்டுவருகிற விவசாயிக்கு மூட்டை இறங்கின அன்றைக்கே பணம் போய்விடும். அவரைப் பற்றிக் குறை சொன்னால் மில்லில் இருக்கும் அத்தனை பேரும் சண்டைக்கு வருவார்கள். நானும் வருவேன், அதுதான் கஷ்டம்.

எடைமேடையில் ஒரு அண்ணன் இருந்தார். நெல் லாரி மேடையில் ஏறினதும் எடை பார்த்துச் சீட்டு கொடுக்கிறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆனி கடைசியில் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு பெறப் போகிறார். "தங்கச்சி, என் கணக்கை முடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டுக்கும் வருஷவாரியாக ஒரு ஷீட் போட உட்கார்ந்தேன்.

பி.எஃப். பக்கம் சிக்கல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டு சதவீதம் அவரிடம் பிடித்தது, அதே அளவு முதலாளி போட்டது. முதலாளி போட்டதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போய்விடும். இப்போதைய சம்பளம் இருபத்தாறாயிரம். அவர் பங்கு மூவாயிரத்து நூற்றிருபது. முதலாளியின் மூவாயிரத்து நூற்றிருபதில் ஆயிரத்து இருநூற்றைம்பது பென்ஷனுக்குப் போக, மீதிதான் அவர் பெயரில் சேரும். சேர்ந்ததற்கு அரசாங்கம் வருஷா வருஷம் வட்டி போடும். பழைய பணமும் வளரும், புதிய பணமும் சேரும். ஆனால் அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை, வீட்டுக்கு ஒருமுறை என்று நடுவில் எடுத்திருந்ததால், மிச்சம் நின்றது ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான்.

கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விடும்போது முதலாளி கொடுக்கிற பணிக்கொடையை, இப்படிக் கூட்டிக்கொண்டே வரக்கூடாது. அதற்குப் பழைய சம்பளம் எதுவுமே கணக்கில்லை. கடைசியாக வாங்கின சம்பளம் எதுவோ, அதுதான் இருபத்திரண்டு வருஷத்துக்கும். சட்டப்படி மாதத்துக்கு இருபத்தாறு வேலைநாள்; இருபத்தாறாயிரத்தை அதால் வகுத்தால் நாளுக்கு ஆயிரம். வருஷத்துக்குப் பதினைந்து நாள் என்று பதினைந்தாயிரம். இருபத்திரண்டு வருஷத்துக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம். எழுதி முடித்து, தேநீர் குடித்துவிட்டு, முதலாளியிடம் கொண்டுபோனேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம்னுல்ல நான் வெச்சிருக்கேன்?"

அவர் வழக்கத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சம்பா அறுவடை முடிந்து நெல் கணக்கு பார்க்கிற தையில், ஒவ்வொரு ஆளுக்கும் அரை மாசச் சம்பளத்தைத் தனியாக எடுத்து வங்கியில் போட்டுவிடுவாராம். "நாளைக்கு நான் இல்லாட்டியும் அவங்க பணம் நிக்கணும்ல" என்றார். அண்ணன் சேர்ந்தபோது சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு. அந்த வருஷம் மூவாயிரத்து இருநூற்றைம்பது ஒதுக்கினார். அது இன்றைக்கும் அதே மூவாயிரத்து இருநூற்றைம்பதுதான்.

"வங்கியில இருந்தா வட்டி வந்திருக்குமே, முதலாளி?"

"வட்டி நமக்கு ஆகாதும்மா. வருஷா வருஷம் எடுத்து ஆஸ்பத்திரிச் செலவுக்கு இல்லாதவங்களுக்குக் குடுத்துடுவேன். அதுல ஒத்த ரூபா நான் தொட்டதில்ல."

சம்பளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஏழு சதவீதம் ஏறியிருக்கிறது. பழைய வருஷத்துப் பணம் அதே அளவு வளர்ந்திருந்தால்தான் கடைசிச் சம்பளத்தை எட்டிப்பிடிக்கும். அந்த வளர்ச்சியைத்தான் இவர் புண்ணியம் என்று ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, மாதத்துக்கு இருபத்தாறு நாளுக்குப் பதில் முப்பது நாள் என்று போட்டதில் இன்னொரு துண்டு விழுந்திருந்தது. அரை மாசம் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு அவரும் பாதியாக வெட்டிவிட்டார்.

"வட்டி வேண்டாம்னா வேண்டாம், முதலாளி. அது உங்க மார்க்கம். ஆனா வருஷத்துக்கு ஒருதடவை இன்னைய சம்பளத்துக்கு எவ்வளவு ஆகும்னு பார்த்து, குறையிறதைக் கையிலேர்ந்து போட்டிருக்கணும்" என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிற்று.

அவர் கோபப்படவில்லை. "கொடுக்க வேண்டியது கடமை. சட்டம் குடுக்குற முப்பது நாள் கெடுவெல்லாம் எதுக்கு, ஆனி முடியறப்பவே போட்டுடு" என்றார். அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. பாவி, எனக்கு என்ன தெரியும்!

எடைமேடைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். நல்ல சேதி சொல்லப் போகிறவள் என்கிற துள்ளலோடுதான் போனேன். "அண்ணே, ரெண்டும் சேர்த்து நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம்."

லாரி ஒன்று மேடையில் நின்றுகொண்டிருந்தது. அவர் சீட்டை எழுதிக் கொடுத்து, லாரியை இறக்கி அனுப்பினார். பிறகு, "தையில முதலாளி மூணு லட்சத்துப் பதினாறாயிரம்னு சொன்னாரே" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, வாய்க்கால் பாசனத்தில். மகள் கல்யாணக் கடனுக்கு அதை நாலரை லட்சத்துக்கு ஒத்தி வைத்திருந்தார். ஒத்திக்காரர் தையில் வந்து, "ஆனிக்குள்ள திருப்பிக்க, இல்லாட்டி கிரயம் பண்ணிக் குடுத்துடு" என்றிருக்கிறார். இவர் முதலாளியிடம் ஓய்வுப் பணம் எவ்வளவு வரும் என்று கேட்டார். முதலாளி தான் ஒதுக்கின ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்தோடு பி.எஃப். பணத்தையும் கூட்டி மனசாரச் சொன்னார். துண்டு விழுகிற ஒன்றேகால் லட்சத்துக்கு மேலான பணத்துக்கு வழியில்லாமல் பங்குனியில் கிரயம் முடித்துவிட்டார். ஒத்திப் பணம் போக மேலே வந்த ஒரு லட்சம் கடன்காரர்களுக்குப் போயிற்று.

ஆபீசுக்குத் திரும்பி நடந்தேன். வாய் இருந்து என்ன?

முதலாளி கேள்விப்பட்டதும் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு ஒத்திக்காரர் வீட்டுக்குப் போனார். கொடுத்ததற்கு மேலே ஒரு லட்சம் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். "நாத்து விட்டாச்சு பாய், மகன் பேர்ல பத்திரமும் பதிஞ்சாச்சு" என்று அவர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்த முதலாளி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடுப்பா" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். அண்ணன்தான் அவரைத் தேற்றினார். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க முதலாளி." எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. யாராவது யாரையாவது திட்டினால் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசி நாள் சாயந்திரம் அண்ணன் ஆபீசுக்கு வந்தார். மாலையும் சால்வையும் இன்னும் கையில் இருந்தன. மெதுவாக, "தங்கச்சி, ஒரு உதவி. ஒன்னு ஐம்பத்தாறை மட்டும் இப்ப போடுங்க. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா, தை போனஸ் மாதிரி, அப்புறமாப் போடுங்க" என்றார்.

"ஏண்ணே?"

"பத்திரம் பதியப் போன அன்னைக்கு எங்க வீட்ல காலைப் புடிக்காத குறையா கெஞ்சுனா. 'இன்னொருதடவை முதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க, இருபத்திரண்டு வருஷத்துக்கு இவ்வளவுதானா'ன்னா. படிச்ச மனுசன் கணக்கை நீ சந்தேகப்படுறியான்னு அறைஞ்சுட்டேன்."

அப்படித் துண்டு துண்டாகப் போட முடியாது, முழுசாகத்தான் போகணும், கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பணத்தை அனுப்ப அவர் கணக்கைத் திறந்தேன். வங்கியிலிருந்து சேதி போகிற செல் நம்பர் அவருடையது இல்லை, அவர் வீட்டம்மாவுடையது. மூன்று லட்சத்து முப்பதாயிரம் என்று அடித்து, அனுப்பினேன்.