மூன்று சாமான் வேகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் பதிலியாக இருந்தேன். பதிலி என்றால், தினமும் காலையில் ஆலை வாசலில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் என் ஊரான பாகூருக்குத் திரும்பிப் பேருந்து ஏற வேண்டியதுதான். ஆலைக்கு ஒரு விளையாட்டுக் குழு இருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "வர்ற மாநிலப் போட்டியில அஞ்சாயிரம் மீட்டரை பதினாறரை நிமிஷத்துக்குள்ள ஓடு, உன்ன பெர்மனென்ட் பண்றேன்" என்றார். என் சிறந்த நேரம் பதினேழு நிமிடம் இரண்டு விநாடி. வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருந்த தங்கை இருந்தாள். எனக்கு அந்த முப்பத்திரண்டு விநாடியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

என் பயிற்சி ஒரே மாதிரி. ஏரிக்கரைக்குப் போவேன். சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் துணி கட்டி, உருட்டிக்கொண்டே நானூற்றைம்பது சுற்று எண்ணி, ஆயிரம் மீட்டர் அளந்து வைத்திருந்தேன். அந்த ஆயிரத்தை ஐந்து முறை ஓடுவேன், நடுவில் மூன்று நிமிடம் மெதுவாக ஓடி மூச்சு வாங்கிக்கொள்வேன். இன்டர்வல் என்பார்கள். முதல் ஆயிரம் மூன்று நிமிடம் இரண்டு விநாடியில் பறப்பேன். நான்காவது மூன்று முப்பத்தொன்றுக்கு வந்துவிடும். ஐந்தாவதைப் பல நாள் முடித்ததே இல்லை. கரையோரம் வாந்தி எடுத்துவிட்டு, உழைத்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வருவேன்.

பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் என் கூட்டாளி. என் வயதுதான். ஊரே அவனை பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவனும் அஞ்சாயிரம் ஓடுபவன். ஆனால் அவன் ஓட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இருபது நிமிடம், ஒரே வேகம், முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. டெம்போ என்பான். "மாட்டு வண்டிக்குப் போட்டியா பாய்?" என்று கேலி செய்வேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அதுவே எனக்குக் கூடுதல் எரிச்சல்.

போட்டிக்குப் பத்து வாரம் இருக்கும்போது இருவரும் ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்த்தோம். முதல் கிலோமீட்டரில் அவனை நூறு மீட்டர் பின்னால் விட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் என் தொடை கல்லாகிவிட்டது. அவன் என்னைத் தாண்டியபோது கூட மூச்சு சீராகத்தான் இருந்தது. அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி முடித்தேன். முடித்த கையோடு செருப்பைத் தூக்கி ஏரிக்குள் எறிந்தேன். அவனே இறங்கிப் போய் எடுத்துவந்து கொடுத்தான்.

"உனக்கு மூச்சு பெருசு, அது எனக்கு இல்ல" என்றான். "ஆனா உன் காலுல களைப்பு சீக்கிரம் நெறஞ்சிடுது. எங்க கடையையே எடுத்துக்க. வர்ற ஆளும் சாமான் வாங்கிட்டுப் போற ஆளும் சமமா இருந்தா நாள் பூரா ஓடும். போறவங்கள வுட வர்றவங்க அதிகமாயிட்டா வாசல்ல கூட்டம் நின்னுடும். அப்புறம் ஒண்ணும் நவுறாது. உன் காலுல அந்தக் கூட்டம் மூணாவது கிலோமீட்டர்லயே நிக்குது."

"அப்ப ஆயிரம் ஓடறது வேஸ்டா?"

"யாருபா வேஸ்டுன்னா? அது கடைய பெருசா கட்றது. ஒடம்பு எவ்ளோ காத்து இழுக்க முடியுமோ அந்த உச்சத்துல மூணு, நாலு நிமிஷம் நிக்கணும். நீ அதையும் தப்பா ஓடற. மொத ஆயிரத்துலயே வெடிச்சிடற, மீதி எல்லாம் சும்மா தள்ளாட்டம். மொதல்ல கூட்டத்த அனுப்பக் கத்துக்க. அதுக்கு டெம்போதான்."

அவனுக்குக் கடையிலிருந்து விடுதலை கிடைப்பது வாரத்தில் இரண்டே காலை, செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் விடியும் முன்பே கடை திறக்க வேண்டும், அவன் அப்பாவுக்கு முழங்கால் வலி. அந்த இரண்டு காலையும் என்னோடு ஓடுவதாகச் சொன்னான். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

டெம்போவின் வேகத்தை அவன் கடிகாரத்தில் பார்ப்பதை விட வாயில் பார்ப்பான். ஓடிக்கொண்டே, ஒரு மூச்சில் மூன்று மளிகைச் சாமான் சொல்ல வேண்டும். "துவரம்பருப்பு, புளி, வத்தமொளகா." மூன்று வந்தால் வேகம் சரி. கடைப் பட்டியல் முழுவதும் ஒப்பிக்க முடிந்தால் சோம்பல். ஒன்றுதான் வருகிறது என்றால் அது போட்டி வேகம், டெம்போவில் அதற்கு இடமில்லை. கடிகாரத்தில் பார்த்தால் எனக்கு அது கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் நிமிடமாக இருந்தது. அவ்வளவு மெதுவாக ஓடி யாராவது வேகமாவார்களா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒரு டீக்கடை. நாங்கள் டெம்போ ஓடியது ஏம்பலம் பக்கம் போகும் சாலையில்; கரும்புத் தோட்டம் முடிகிற வளைவில் அந்தக் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். முதல் நாள் ஒருவர், "இன்னாபா, பஸ்ஸுக்கு நேரமாவலியா? மெதுவா வர்றியே" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். டீக்கடையைத் தாண்டும் வரை கண்மண் தெரியாமல் ஓடினேன். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த செவ்வாயும் அதே கதை. யாரும் எதுவும் சொல்லாத நாளில்கூட, அந்த பெஞ்சைக் கண்டதும் கால் தானாக முறுக்கிக்கொள்ளும். இருபது நிமிட டெம்போ, டீக்கடைக்கு முன் ஒரு ஓட்டம், டீக்கடைக்குப் பின் ஒரு தள்ளாட்டம் என்று இரண்டாக உடைந்துவிடும்.

"வேற ரோட்டுல ஓடலாம்" என்றேன்.

"போட்டியன்னிக்கு ஆளுங்க இல்லாத மைதானமா பாத்து வெப்பாங்களா உனக்கு?" என்றான் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை டீக்கடையை நெருங்கும்போது, பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். "சாமான் சொல்லுபா!" என்று ஒரே கூச்சல். பாய் முந்தின நாளே வந்து அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவைத்திருக்கிறான். நான் வேகமெடுத்திருந்ததால் "பருப்பு" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. "ஒண்ணுதான் வந்துச்சி! ஒண்ணுதான்!" என்று மாஸ்டர் கரண்டியால் பாய்லரைத் தட்டினார். மானம் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அடுத்த முறை மூன்று சாமான் சொன்னேன். அதற்கடுத்த முறை, "நல்லெண்ணெய் வுட்டுட்டியே" என்று ஒருவர் குறை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னை அடக்க என் புத்தியால் முடியாததை அந்த பெஞ்சு செய்தது. அவர்களுக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆறு வாரத்தில், அதே மூன்று சாமானுக்கு கிலோமீட்டர் மூன்று முப்பத்தாறு ஆகிவிட்டது. நான் எதையும் கூடுதலாக முறுக்கவில்லை. வாசலில் கூட்டம் நிற்பது மட்டும் தள்ளிப்போயிருந்தது.

கடைசி நான்கு வாரம் செவ்வாய் டெம்போ, வெள்ளி ஆயிரம் மீட்டர் என்று மாற்றினான். ஐந்து ஆயிரமும் மூன்று பதினெட்டில், முதலும் கடைசியும் ஒன்றுபோல. அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவன் ஓடவில்லை. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றான்.

"நீயும் ஓடேன்" என்றேன்.

"நான் பக்கத்துல ஓடினா நீ எங்கூட ரேஸ் வுடுவ. உன்னப் பத்தித் தெரியாதா?"

சிரித்துவிட்டு ஓடினேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

போட்டி நகரத்து மைதானத்தில். மண் தடம், பன்னிரண்டரைச் சுற்று. டீக்கடையிலிருந்து நான்கு பேர் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். நான் பாய் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சுற்றுக்கு எழுபத்தொன்பது விநாடி. இரண்டாவது சுற்றில் அவன் திரும்பாமலே, "சாமான்?" என்றான். "உப்பு" என்றேன். ஒன்று. போட்டி வேகம் சரி. மூன்றாவது கிலோமீட்டர் வந்தது. தொடை கல்லாகும் என்று பயந்து காத்திருந்தேன், ஆகவில்லை. முன்னால் பாய்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினோம். ஒருவன் மட்டும் கைக்கு எட்டாத தூரத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் நான் பாயைத் தாண்டினேன். அவனும் கூட வருவான் என்று நினைத்தேன். வரவில்லை.

பதினாறு நிமிடம் இருபத்தேழு விநாடி, இரண்டாவது இடம். பாய் பதினாறு முப்பத்தாறு, மூன்றாவது. டீக்கடைக்காரர்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். மேலாளர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அந்த மாதமே நிரந்தரம் ஆனேன். வெளிமாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு பேரைத்தான் அனுப்பினார்கள். நானும் முதலாவதாக வந்தவனும் போனோம்.

போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து, ஆலைப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பாயின் பழைய நேரம் பதினாறு முப்பத்தெட்டு. பத்து வாரத்தில் அவன் குறைத்தது இரண்டே விநாடி. கூட்டத்தை அனுப்ப அவனுக்கு முன்பே தெரியும். அவனுக்குத் தேவைப்பட்டது கடையைப் பெரிதாக்குவது, அந்த ஆயிரம் மீட்டர்தான். தனக்கென்று இருந்த இரண்டு காலையையும் அவன் என் டெம்போவுக்கு, அதுவும் தன் வேகத்தை விட மெதுவான என் வேகத்துக்குக் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் ஓட வேண்டியவன் கடிகாரம் பிடித்து நின்றிருக்கிறான். பேருந்திலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நேராகக் கடைக்குப் போனேன். "ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் சர்க்கரை கட்டிக்கொண்டே, "மெதுவா பேசுடா, ஆளுங்க இருக்காங்க" என்றான். பிறகு, "அடுத்த வருஷம் நீ வந்து வாட்ச் புடி" என்றான்.

நான் கடிகாரம் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அவனோடு ஏரிக்கரையில் அந்த ஐந்து ஆயிரத்தையும் ஓடினேன், அவனுக்கு ஒரு அடி முன்னால். விட்டுத் தள்ளிப் போகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. மூன்று பதினைந்து என்றால் மூன்று பதினைந்துதான். என் வாழ்க்கையில் நான் ஓடியதிலேயே கஷ்டமான ஓட்டம் அதுதான். என் காலை அல்ல, என் குணத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வருடப் போட்டியில் அவன் பதினாறு நிமிடம் ஒன்பது விநாடியில் ஓடி, எனக்கு முன்னால் இரண்டாவதாக வந்தான்.

அணியோடு அவன் கிளம்பிய காலையில் டீக்கடைக்காரர்களும் நானும் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தோம். வண்டி நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சாமான் சொல்லுடா!" என்று கத்தினான்.

நான் ஓடக்கூட இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு சாமான்கூட வாயில் வரவில்லை.