சீட்டில் மாறிய குளிசை

என் கையெழுத்துக் கோணல். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறாள். அங்கேயே வேலை பழகி, கொழும்பில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பலருக்கும் அது பெட்டியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும் வேலை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் குடியிருக்கிற அண்ணனுக்குத் தலைச்சுற்றல் வந்தது. டவுனுக்குப் போய் டொக்டரிடம் காட்டினார். பிரஷர் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அண்ணன் மருந்து வாங்காமல் வந்துவிட்டார். மறுநாள் நான் பதுளைக்குப் போவதாக இருந்தேன். எங்கள் லயத்தில் யார் டவுனுக்குப் போனாலும் நாலு வீட்டுச் சாமானும் அவர் தலையில்தான். சீட்டையும் என் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

கடையில் மகள் சீட்டைப் பார்த்தாள். பெட்டியை எடுக்கக் கை நீட்டியவள் நோயாளியின் பேரைத் திரும்பப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இது நம்ம பக்கத்து மாமாவுக்கா?"

"ஆமா."

"அவருக்கு இன்னும் இழுப்பு வருதா?"

"பனி விழுந்தா வராம என்ன? ராத்திரி பூரா சுவருக்கு அந்தப் பக்கம் விசில் ஊதுறாரு. தோட்டத்து ஆஸ்பத்திரியில குளிசை கொடுக்கிறாங்க."

"டொக்டர்கிட்ட அதைச் சொன்னாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் சும்மா கொடுப்பதை எங்கள் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று டொக்டர் கேட்டிருந்தாலும், இல்லீங்க என்றுதான் அண்ணன் சொல்லியிருப்பார்.

மகள் சிரிக்கவில்லை. "இது புரொப்ரனலோல். பிரஷருக்கு நல்ல குளிசைதான். ஆனா இழுப்புக்காரங்க போட்டா மூச்சுக் குழாய் இறுகிப்போகும். ஆளே போயிடலாம்ப்பா. இதை நான் தரமாட்டேன்."

அவள் டெலிபோன் பக்கம் போனபோது நான் தடுத்தேன். "வேணாம்மா. பெரிய டொக்டரு. உனக்கு எதுக்கு வம்பு?"

கல்லாவில் இருந்த முதலாளியும், "பாத்துப் பேசுங்க மகள், நமக்குச் சீட்டு அனுப்புற மனுசன்" என்றார்.

"பாத்துத்தான் பேசுவேன் முதலாளி. ஆனா பேசணும்."

இங்கிலீசில் பேசினாள். எனக்கு விளங்கியது 'சேர்' மட்டும்தான். அந்தப் பக்கம் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு திரும்பவும் பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவள் எனக்குப் பிறந்தவள்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாமாவுக்கு இழுப்பு இருக்கிறது தனக்குத் தெரியாதுன்னாரு. சொன்னதுக்கு நன்றின்னாரு. அதை நிப்பாட்டிட்டு மெதில்டோபா கொடுக்கச் சொன்னாரு. புதுச் சீட்டு அனுப்புறாராம். வர்ற கிழமை மாமா நேர்ல போய் நெஞ்சைக் காட்டணும்."

பிறகு ஒரு கொப்பியை எடுத்து எழுதினாள். சீட்டில் சந்தேகம் வந்தால் அதில் பதிய வேண்டுமாம். என்ன எழுதினாய் என்று கேட்டேன். தமிழில் வாசித்துக் காட்டினாள். யாருடைய சீட்டு, எந்த டொக்டர், என்ன பிழை, அது எப்படித் தெரிய வந்தது, டொக்டரோடு எத்தனை மணிக்குப் பேசியது, எந்த மருந்து நின்று எது எவ்வளவு வந்தது. கடைசியில், 'மருந்து வாங்க வந்தவருக்கு விளக்கப்பட்டது.'

"வாங்க வந்தவர்னா யாரு?"

"நீங்கதாம்ப்பா. இன்னும் விளக்கல. இங்க வாங்க, கேளுங்க. எந்திரிக்கிறப்ப தலை கிறுகிறுன்னா மெதுவா எந்திரிக்கணும். தோட்டத்துக் குளிசையை நிப்பாட்டக் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன். சரி என்று தலையாட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

லயத்துக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "எனக்கு இழுப்புன்னு ஓம் மகளுக்கு யாருடா சொன்னா?"

"நீங்கதான். சின்னதுலேர்ந்து ஒங்க விசிலைக் கேட்டுத்தானே தூங்குனா."

அவர் சிரித்தார், இருமினார், பிறகு குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மொதல்ல எழுதுனதைப் போட்டிருந்தா இன்னிக்கு ராவுக்குப் பெறகு என் சத்தமே ஒங்களுக்குக் கேட்டிருக்காதில்ல?" என்று கேட்டார்.

அந்த ராத்திரி அண்ணனின் இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். என் மனைவி, "தூக்கம் கெடுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

5.10.1986, ஞாயிற்றுக்கிழமை