பாஸ்வேர்டுக்கு மார்க் போட்டவள்

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் மிஸ்ஸாக இருந்தேன். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும் அமீர்பேட்டில் மூன்று மாதம் கோர்ஸ் படித்ததுதான் என் தகுதி. என்னோடு படித்த பையன்களில் பாதிப் பேர் அமெரிக்கா போனார்கள். நான் நாலாம் வகுப்பு பி பிரிவுக்குப் போனேன்.

ஒரு நாள் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்புப் பாடம் எடுக்கச் சொன்னார். பாஸ்வேர்டு, முன்பின் தெரியாதவர்கள், போட்டோ பகிர்வது, இந்த மூன்றையும் ஒரே பீரியடில், நாற்பது நிமிடத்தில் முடிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளியில் எடுத்துவிட்டார்களாம். நாம் எடுக்காவிட்டால் மானம் போய்விடும் என்பதுதான் அவருடைய கவலை. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பாடத்தை நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாஸ்வேர்டில் எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியும் கலந்திருக்க வேண்டும், உங்கள் பெயரோ பிறந்த தேதியோ வைக்கக்கூடாது என்றேன். அம்மா அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்று கரும்பலகையில் எழுதி இரண்டு கோடும் போட்டேன். நாற்பது பிள்ளைகளும் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நான் செய்த காரியத்தை ஒரு டீச்சரால்தான் செய்ய முடியும். எங்கள் பள்ளியில் எது சொல்லிக்கொடுத்தாலும் அது நோட்டில் ஏற வேண்டும். நோட்டு என்று இருந்தால் சிவப்பு மையில் டிக் விழ வேண்டும். அந்தப் பழக்க தோஷத்தில், "எல்லாரும் உங்க பாஸ்வேர்டை நோட்டுல எழுதுங்க, ஸ்ட்ராங்கா இருக்கான்னு மிஸ் பார்த்து மார்க் போடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நாற்பது தலைகள் குனிந்தன. நான் வரிசை வரிசையாகப் போய் டிக் போட்டேன். ஒருவன், "மிஸ், எனக்கு இல்ல. எங்க டாடி மெயிலோடது எழுதட்டுமா?" என்றான். எழுது என்றேன். அவன் அப்பா ராணுவத்துக்குக் கருவி செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அந்தப் பாஸ்வேர்டு பிரமாதமாக இருந்தது. பத்துக்குப் பத்து போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண்ணின் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. தமிழ்க் குடும்பம்தான். நான் தமிழில் கேட்டால் அவள் ஹிந்தியில் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும்.

"ஏன் எழுதல?"

"நக்கோ மிஸ்." வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர் ஹிந்தி.

"மிஸ்கிட்ட சொல்லலாம்மா, பரவாயில்ல."

அவள் கரும்பலகையைக் காட்டினாள். "அம்மா அப்பா தவிர யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்னுடையது என்று புரிந்திருந்தால் நான் புத்திசாலி. நானோ அவளை எழுந்து நிற்க வைத்தேன். டைரியில் "வகுப்பு வேலை செய்ய மறுக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், பெற்றோர் வந்து பார்க்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் நின்றுகொண்டே மீதிப் பாடத்தைக் கேட்டாள்.

மீதிப் பாடம் இன்னும் அழகு. கம்ப்யூட்டரில் பேசுகிறவர் யாராக வேண்டுமானாலும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம், நேரில் தெரியாதவர் அந்நியர்தான் என்றேன். யூனிஃபார்மும் ஐ.டி. கார்டும் தெரிகிற மாதிரிப் போட்டோ போடக்கூடாது, பார்க்கிறவனுக்கு எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும் என்று சொல்லி வாய் மூடவில்லை, பிரின்சிபால் மேடம் கேமராவோடு உள்ளே வந்தார். பள்ளியின் இணையப் பக்கத்தில் போட வேண்டுமாம். "ஐ.டி. கார்டு ஸ்ட்ரெயிட்டா போட்டுக்கோங்க, ஸ்மைல்" என்றார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் குனிந்துகொண்டாள்.

நாற்பது நோட்டுகளையும் ஸ்டாஃப் ரூம் மேஜையில் அடுக்கினேன். கணக்கு மிஸ் மேலே இருந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "என்ன இது, பூட்டுக் கடையா? ஊர்ச் சாவியெல்லாம் உன் மேஜையில கிடக்கு" என்றாள். அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொன்பது குடும்பங்களின் சாவியை, நானே திருத்தி, நட்சத்திரம் போட்டு, ஆயா முதல் அட்டெண்டர் வரை வந்துபோகும் அறையில் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் பொடிப்பொடியாக்கினேன். கடைசி மணி அடிப்பதற்குள் வகுப்புக்கு ஓடிப்போய், "மிஸ் தப்பு பண்ணிட்டேன். வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாகிட்ட சொல்லி எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்தச் சொல்லுங்க" என்று டைரியிலும் எழுத வைத்தேன். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பிரின்சிபால் மேடம் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு ஹப்சிகுடாவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். ஆஃபீசுக்கு லீவு போட்ட எரிச்சல் முகத்தில் இருந்தது.

"நல்லா ரெண்டு போடுங்க மிஸ். வீட்லயும் இப்படித்தான் வாயாடறா."

"இல்லைங்க. நான்தான் தப்பு. பாஸ்வேர்டை என்கிட்டயே சொல்லமாட்டேன்னு நின்னா பாருங்க, பாடத்தை ஒழுங்கா கேட்டது இவ ஒருத்திதான்" என்றேன். அவளைப் பார்த்து, "சாரிம்மா" என்றேன்.

அவள் தமிழில் பேசினாள்.

"அந்த சாரும் இப்படித்தான் மிஸ் சொன்னாரு. சார்கிட்ட சொல்லலாம், பரவாயில்லன்னு."

"எந்த சார்?"

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டருக்கு சார் கிடையாது, நான்தான் இருக்கிறேன். விசாரித்ததில், அவள் சமூக வலைத்தளம் ஒன்றில் வயதைப் பதினான்கு என்று போட்டுக் கணக்குத் தொடங்கியிருக்கிறாள். எவனோ ஒருவன், "உங்க ஸ்கூலுக்குப் புதுசா வரப்போற கம்ப்யூட்டர் சார்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். பாஸ்வேர்டு கேட்டானாம், இவள் தரவில்லை. போட்டோ கேட்டானாம்.

"கொடுத்துட்டேன் மிஸ். யூனிஃபார்ம்ல. இப்ப இன்னொண்ணு கேக்கறாரு, யூனிஃபார்ம் இல்லாம. இல்லேன்னா ஸ்கூல் கேட்டுக்கு வருவேங்கறாரு."

அம்மா சட்டென்று கையை ஓங்கினார். நான் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" அம்மாவின் குரல் உடைந்தது.

அவள் நான் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "சொன்னா அடிப்பே. கம்ப்யூட்டரையும் எடுத்துடுவே."

அம்மாவின் கை என் பிடியில் தளர்ந்தது. அப்படியே குனிந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டார். பதில் எதுவும் அனுப்ப வேண்டாம், வந்த செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துப் போலீசுக்குப் போங்கள் என்றேன். அன்றே அவள் அப்பா போனார். அதற்கப்புறம்தான் அந்த ஆளின் கணக்கைத் தடை செய்து, வலைத்தளத்துக்கும் புகார் அனுப்பினார்கள். கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தோம். ஒரு மாதம் அம்மாவே வந்து அழைத்துப்போனார். எவனும் வரவில்லை. அவன் யார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏறியிருந்த வகுப்புப் போட்டோக்களை எடுக்காவிட்டால் நான் வேலையை விடுவேன் என்றேன். வேறு கம்ப்யூட்டர் மிஸ் கிடைக்காத ஒரே காரணத்தால் பிரின்சிபால் மேடம் எடுத்தார்.

அடுத்த வாரம் அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். நோட்டு இல்லை, டிக் இல்லை. முதல் வரியாக, "நீங்க தப்பே பண்ணியிருந்தாலும், உடனே அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க, யாரும் உங்களை அடிக்கமாட்டாங்க" என்றேன்.

மூன்றாவது பெஞ்சில் கை உயர்ந்தது.

"மிஸ், அது அவங்களுக்குத் தெரியுமா?"

வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.