லைனம்மா இருக்கிறார்

நகராட்சி அலுவலகத்துத் தொலைபேசிப் பலகை முன்னால் உட்கார்ந்து "லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர் என்பதால், அவருக்கு லைனம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. எதிர்முனையில் சத்தம் நின்றால் "இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன்" என்று பதில் வந்தால்தான் அடுத்த வேலை.

கணவர் போனபோது அவருக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதுவிட்டுப் போனார்கள். இவர் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். மனசு மரக்கட்டையாகிவிட்டது. பிறகு இவருடைய ஓய்வூதியமும் நின்றது. வாடகையே அதில்தான் என்பதால், மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூத்த குடிமக்கள் சேவைப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூத்த குடிமக்கள் மீது யாருக்கு அவ்வளவு கரிசனமோ!

கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார். "ஓய்வூதியம் வாங்கினவங்க இறந்துட்டாங்களே. அவங்க வீட்டுக்காரர் வந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு குடுக்கணும்."

"வாங்கினது நான்தான்" என்றார் லைனம்மா.

"சார், இறந்தது எங்கப்பா. அம்மா ஓய்வூதியத்துல வாரிசா இருந்த அவர் பேரை எடுக்கச் சொல்லித்தான் இறப்புச் சான்றிதழ் குடுத்தோம்!" என்று மகள் படபடத்தாள்.

அந்தச் சான்றிதழை யாரோ புண்ணியவான் கணவர் பெயரில் பதியாமல், மனைவி பெயரில் பதிந்திருந்தார். கம்ப்யூட்டரில் இவர் செத்துப் போயிருந்தார். அவர் நன்றாக இருந்தார். லைனம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"ரொம்ப ஒண்ணும் தப்பில்ல" என்றார். மகள் முறைத்தாள்.

முதலில் உயிர்வாழ் சான்று. விரல்ரேகை எத்தனை முறை வைத்தாலும் இயந்திரம் ஏற்கவில்லை. கேமராவை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணை மூடித் திறங்கம்மா" என்றார்கள். மூடித் திறந்தார். ஏற்றுக்கொண்டது.

"சரி, நீங்க இருக்கீங்க. இறப்புத் தேதியை உங்க பேர்லேருந்து எடுத்து அவர் பேருக்கு மாத்தணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

திரையில் கணவரின் பெயர். பக்கத்தில் 'உயிருடன் உள்ளார்'.

"அது அப்படியே இருக்கட்டுமே."

"இருந்தா உங்க பணம் வராதும்மா."

கையெழுத்துப் போட்டார். அந்த வரி அவர் கண்ணெதிரேயே மாறியது.

"அந்த லைன்ல நில்லுங்க, ஒப்புகைச் சீட்டு தருவாங்க."

போய் நின்றார். நகல் எடுக்கப் போன மகள் திரும்பி வந்து, கூட்டத்தில் தாயைக் காணாமல் பதறிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா! இருக்கியா?"

"இருக்கேன்டி" என்றார் லைனம்மா. சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.