பொன்ராஜ் அண்ணனின் முதல் பிரசங்கம்

பொன்ராஜ் அண்ணன் நல்லவர்தான், வாய்தான் ஆகாது. சுகர் லேண்டில் வாடகை ஹாலில் கூடும் எங்கள் தமிழ்ச் சபைக்குச் செயலாளர், ஹூஸ்டனில் பைப்லைன் இன்ஜினியர். 1995 கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில், கீபோர்டில் தடுமாறியவரிடம் எல்லார் முன்னாலும், “வாசிக்கத் தெரியலைன்னா எந்திரிங்க எட்வின்” என்றார். அந்த எட்வின் நான்தான். அதற்குப் பிறகு அவரோடு இரண்டு வருடம் பேசவில்லை. சபையும் எனக்காகப் பரிதாபப்பட்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

1997-இல் பாஸ்டர் ஆசீர் ஊருக்குப் போகவேண்டி வந்ததால், ஒரு ஞாயிறு பிரசங்கம் அண்ணன் தலையில் விழுந்தது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிறவன், தன்மேல் இன்னொருவனுக்குக் குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு சமாதானமாக வேண்டும் என்று இயேசு சொல்லும் பகுதி. அண்ணன் ஆறு பக்கம் குறிப்பு எழுதிப் பாஸ்டரிடம் நீட்டினார். நடந்ததைப் பிற்பாடு பாஸ்டரே சொன்னார்.

“அப்ளிகேஷன் எங்கண்ணே?”

“மூணாவது பாயிண்ட். கலிலேயாவுல இருந்து எருசலேமுக்குப் பல நாள் நடை. பாதியில விட்டுட்டுத் திரும்பிப் போறது எவ்ளோ கஷ்டம்னு apply பண்ணிருக்கேன்.”

“அதுவும் விளக்கம்தாண்ணே. அன்னைக்குக் கேட்டவங்களுக்கு என்ன அர்த்தம்னு சொல்றது. இன்னைக்கு நம்ம ஹால்ல உக்காந்திருக்கறவரு திங்கக்கிழமை என்ன செய்யணும்? அதான் அப்ளிகேஷன்.”

அண்ணன் பேனாவை எடுத்து, ‘நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்போம்’ என்று எழுதினார்.

“நல்ல விஷயம்தான். ஆனா இந்தப் பகுதி அதைச் சொல்லலையே. உங்க விளக்கத்துல குறை யாருக்கு?”

“அவனுக்கு.”

“யாரு போகணும்?”

அண்ணன் குறிப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

சனிக்கிழமை மதியம் ஹூஸ்டன் புறநகரான கேட்டியில் என் வீட்டு வாசலில் அவர் கார் நின்றது. வெகுநேரம் கதவு திறக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் இறங்கி வந்தார்.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு எட்வின்.”

“நாளைக்குச் சர்மன்ல சொல்ல உதாரணம் வேணுமாண்ணே?”

அவர் முகம் சுருங்கியது. “சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை. காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

மறுநாள் பின்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயரோ, கேட்டியோ, கார் பயணமோ எதுவும் வரவில்லை. விளக்கம் நீளம்தான், பலர் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “உங்கமேல யாருக்குக் குறை இருக்கு? ஒரு பேரை எழுதுங்க. இந்த வாரமே அவங்ககிட்டப் பேசுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பொன்ராஜ் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் அவர்மேல் குறை எனக்கு, அவருக்கு என்மேல் இல்லையே. சான் ஹோசேயில் இருக்கும் என் தம்பி ஞாபகம் வந்தது. அவன் கல்யாணத்துக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தவன் நான்.

அன்று மாலை போனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தேன். அண்ணன் காருக்குள் அவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது.